டிவிடெண்டுக்கு முதல் நாள் வாங்கிய பங்கு

2020 டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை. மும்பைச் சந்தை முடிந்தபோது மஜெஸ்கோ என்ற மென்பொருள் நிறுவனத்தின் பங்கு ஏறத்தாழ 985 ரூபாய். மறுநாள் காலை மணி அடித்ததும் அதே பங்கு 12 ரூபாய்க்குப் பக்கத்தில் கைமாறிக்கொண்டிருந்தது. இடைப்பட்ட இரவில் மோசடி எதுவும் வெளியாகவில்லை, நிறுவனம் திவாலாகவும் இல்லை. விலைப்பட்டியலை மட்டும் பார்த்தவர்கள் பதறியிருப்பார்கள். அந்தப் பங்கை வைத்திருந்தவர்கள் பதறவில்லை, ஏனென்றால் பங்கு ஒன்றுக்கு 974 ரூபாய் டிவிடெண்ட் அவர்களுக்கு வரவிருந்தது.

மஜெஸ்கோ தன் அமெரிக்கத் துணை நிறுவனத்தை தோமா பிராவோ என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு அந்த ஆண்டுதான் விற்றிருந்தது. தொழிலின் பெரும்பகுதி அங்கேதான் இருந்தது. விற்ற பணம் இந்தியத் தாய் நிறுவனத்தின் கணக்கில் வந்து குவிந்தது. அதில் பெரும்பங்கைப் பங்குதாரர்களுக்கே கொடுத்துவிடுவது என்று இயக்குநர் குழு முடிவெடுத்தது. பங்கின் முகமதிப்பு 5 ரூபாய் என்பதால் அந்த டிவிடெண்டை 19,480 சதவீதம் என்றும் எழுதலாம், அப்படியே செய்திகளும் வந்தன. முகமதிப்பின் சதவீதமாக டிவிடெண்டைச் சொல்லும் இந்தப் பழைய வழக்கம் படிப்பவரை ஏமாற்றத்தான் பயன்படுகிறது என்பது என் அபிப்பிராயம். யாரும் பங்கை முகமதிப்புக்கு வாங்குவதில்லை.

டிசம்பர் 22 அன்று 985 ரூபாய் கொடுத்து வாங்கியவரின் கணக்கைப் பார்ப்போம். அவர் கைக்கு 974 ரூபாய் வர வேண்டும். மிச்சமிருக்கும் பங்கு 12 ரூபாய். இரண்டும் சேர்ந்தால் 986. வரிக்கு முந்தைய கணக்கில் கொடுத்ததும் கிடைத்ததும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டிவிடெண்ட் போனபின் நிறுவனத்தில் என்ன மிஞ்சும் என்று சந்தை முதல் நாளே எடைபோட்டு, 974 ரூபாய்க்கு மேல் பத்துப் பன்னிரண்டு ரூபாய் கூட்டி விலை வைத்திருந்தது. அடுத்த நாள் 974 கழன்றது, மிச்சம் நின்றது.

எல்லா டிவிடெண்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. சாதாரணமாக அது பங்கு விலையில் அரை சதவீதமோ ஒரு சதவீதமோதான் இருக்கும், அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. மஜெஸ்கோவில் அது விலையில் 99 சதவீதம், அதனால் யாராலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. டிவிடெண்ட் என்பது நிறுவனத்தின் பணப்பெட்டியிலிருந்து பங்குதாரரின் வங்கிக் கணக்குக்குப் போகும் பணம். பெட்டியில் பணம் இருந்தவரை அது பங்கின் மதிப்புக்குள் அடக்கம். வெளியே போய்விட்டால் மதிப்பில் அது இல்லை. காய் நிறைந்த தென்னந்தோப்புக்கு ஒரு விலை, வெட்டு முடிந்த மறுநாள் அதே தோப்புக்கு வேறு விலை என்பதைப் போன்றதுதான் இது. காயோடு சேர்த்து வாங்கியவர் காய்க்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்திருக்கிறார்.

விலையைக் குறைக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். முந்தைய நாள் வரை வாங்குபவருக்குப் பங்கும் டிவிடெண்டும் சேர்ந்து கிடைக்கும். இன்று முதல் பங்கு மட்டும். டிவிடெண்ட் இல்லாத பங்குக்கு டிவிடெண்டோடு சேர்ந்த விலையை யார் கொடுப்பார்கள்? வாங்குபவர் குறைத்துக் கேட்கிறார். விற்பவருக்கும் டிவிடெண்ட் உறுதியாகிவிட்டதால் குறைத்துக் கொடுப்பதில் வருத்தமில்லை.

சரி, டிவிடெண்ட் யாருக்குச் சேரும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? தேதிகள் வந்தது இந்தக் கேள்விக்காகத்தான். நிறுவனத்துக்குத் தெரிந்ததெல்லாம் தன் பங்குதாரர் பட்டியல் மட்டுமே. சந்தையிலோ நொடிக்கு நொடி பங்குகள் கைமாறுகின்றன. ஆகவே ஒரு நாளைக் குறித்து, அன்றைய முடிவில் பட்டியலில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே பணம் என்று அறிவிக்கிறார்கள். அதுதான் ரெக்கார்டு டேட், பதிவு நாள். காகிதப் பத்திரக் காலத்தில் இதற்காகப் பல நாட்கள் பதிவேட்டையே மூடி வைத்துப் பெயர் மாற்றத்தை நிறுத்திவைப்பார்கள். இப்போது பங்குகள் டீமேட் கணக்குகளில் இருக்கின்றன. என்.எஸ்.டி.எல், சி.டி.எஸ்.எல் என்ற இரண்டு வைப்பகங்களும் அன்று மாலைப் பட்டியலை எடுத்துக் கொடுத்துவிடுகின்றன.

சிக்கல் என்னவென்றால், இன்று வாங்கும் பங்கு இன்றே நம் டீமேட் கணக்குக்கு வந்துவிடாது. இந்தியாவில் 2003 ஏப்ரல் முதல் அதற்கு இரண்டு வேலைநாட்கள் ஆயின. பின்பு படிப்படியாகக் குறைத்து, 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் ஒரே வேலைநாள் என்று ஆக்கினார்கள். இதைச் சந்தையில் டி+1 என்கிறார்கள். திங்கட்கிழமை வாங்கினால் செவ்வாய்க்கிழமை கணக்கில் இருக்கும். ஆகவே செவ்வாய் பதிவு நாளாக இருந்தால், திங்களன்று வாங்கியவருக்கு டிவிடெண்ட் உண்டு. செவ்வாயன்றே வாங்கியவருக்குப் புதன்கிழமைதான் பங்கு வந்து சேரும், அவருக்குக் கிடையாது. எந்த நாளிலிருந்து வாங்கினால் டிவிடெண்ட் கிடைக்காதோ அந்த முதல் நாள்தான் எக்ஸ்-டேட். இப்போதைய முறையில் பெரும்பாலும் எக்ஸ்-டேட்டும் பதிவு நாளும் ஒரே நாளில் விழுகின்றன.

பழைய புத்தகங்களும் பழைய யூடியூப் காணொளிகளும் எக்ஸ்-டேட் பதிவு நாளுக்கு ஒரு நாள் முன்னால் வரும் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அது இரண்டு நாள் முறையின் கணக்கு. இன்னொரு பக்கம், பதிவு நாள் அன்று காலையில் வாங்கினாலும் டிவிடெண்ட் உண்டு என்று நம்பி வாங்குபவர்களும் நிறைய இருக்கிறார்கள். பதிவு நாள் என்று பெயர் இருப்பதால் அன்று வாங்கினால் பதிவாகிவிடும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அன்று விற்றவருக்குத்தான் டிவிடெண்ட் போகும், வாங்கியவருக்கு அல்ல.

விடுமுறை குறுக்கே வந்தால் கணக்கு ஒரு நாள் நகரும். வேதாந்தா நிறுவனம் 2022-23 நிதியாண்டில் ஐந்து முறை இடைக்கால டிவிடெண்ட் அறிவித்து, மொத்தம் 101 ரூபாய் 50 காசு கொடுத்தது. ஐந்தாவது தவணை 20 ரூபாய் 50 காசு. அதற்குப் பதிவு நாள் 2023 ஏப்ரல் 7. அன்று புனித வெள்ளி, சந்தை விடுமுறை. 6-ஆம் தேதி வியாழக்கிழமை வாங்கினால் திங்கட்கிழமைதான் கணக்குக்கு வரும், பதிவு நாள் அதற்குள் போயிருக்கும். எனவே 6-ஆம் தேதியே எக்ஸ்-டேட் ஆனது. டிவிடெண்டோடு வாங்கக் கடைசி நாள் 5-ஆம் தேதி. மஜெஸ்கோவின் பதிவு நாளும் கிறிஸ்துமஸ் அன்றுதான் விழுந்தது. அப்போது இரண்டு நாள் முறை இருந்ததால், 23-ஆம் தேதி வாங்கினால் 28-ஆம் தேதிதான் பங்கு கைக்கு வரும். அதனால்தான் 23 எக்ஸ்-டேட்.

இதில் குழம்ப வேண்டியதில்லை. பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் நிறுவன நடவடிக்கைகள் என்ற பகுதியில் ஒவ்வொரு டிவிடெண்டுக்கும் எக்ஸ்-டேட்டைத் தனியாகப் போட்டிருப்பார்கள். நாமாக விரல்விட்டு எண்ணுவதைவிட அதைப் பார்ப்பது நல்லது. அந்த நாளுக்கு முந்தைய சந்தை நாள் வரை வாங்கினால் டிவிடெண்ட் உண்டு.

பணம் வருவது இதற்கெல்லாம் பிறகு. நிறுவனச் சட்டப்படி அறிவித்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் டிவிடெண்டைக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் இறுதி டிவிடெண்டைப் பொறுத்தவரை, இயக்குநர் குழு பரிந்துரைப்பது மட்டும்தான் செய்யும், ஆண்டுப் பொதுக்கூட்டம் அதை ஒப்புக்கொண்ட பிறகே அது அறிவிக்கப்பட்டதாகக் கணக்கு. பல நிறுவனங்களில் பதிவு நாள் கூட்டத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். பங்கு விலை எக்ஸ்-டேட் அன்று காலையிலேயே இறங்கிவிடும், பணமோ வாரக்கணக்கில் கழித்துத்தான் கணக்கில் விழும். இடைப்பட்ட நாட்களில் தன் முதலீட்டுப் பட்டியலைப் பார்க்கிறவருக்கு நஷ்டம் மட்டுமே தெரியும்.

இத்தனையும் தெரிந்தவர்கள்கூட, "நான் முதல் நாள் வாங்கி மறுநாள் விற்றேன், டிவிடெண்டும் வந்தது, விலையும் இறங்கவில்லை" என்று சொல்வதுண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. 1,000 ரூபாய்ப் பங்குக்கு 6 ரூபாய் டிவிடெண்ட் என்று வைத்துக்கொள்வோம். அது விலையில் 0.6 சதவீதம். அந்தப் பங்கு எந்தச் சாதாரண நாளிலும் ஒன்று, ஒன்றரை சதவீதம் மேலேயோ கீழேயோ ஆடும். எக்ஸ்-டேட் அன்று சந்தை முழுதும் நன்றாக ஏறியிருந்தால் அந்த ஏற்றத்துக்குள் 6 ரூபாய் இறக்கம் மறைந்துபோகும். சந்தை இறங்கிய நாளாக இருந்தால் இறக்கம் 20 ரூபாயாகத் தெரியும். அப்படி நடந்தவர் அதை வெளியே சொல்வதில்லை. ஏறிய நாளில் விற்றவர் சம்பாதித்தது உண்மைதான், ஆனால் அது டிவிடெண்டால் வந்ததல்ல. டிவிடெண்டே இல்லாத வேறொரு பங்கை வாங்கி அன்று விற்றிருந்தாலும் அதே லாபம் வந்திருக்கலாம். தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. அன்று பங்கின் நகர்வோடு டிவிடெண்டைக் கூட்டி, அதே தொழிலில் உள்ள மற்றப் பங்குகளின் அன்றைய நகர்வோடு ஒப்பிடுங்கள். ஒரு முறை பார்த்தால் போதாது, பல டிவிடெண்டுகளுக்குச் செய்துபார்க்க வேண்டும். நீங்கள் கண்ட லாபம் அந்த ஒப்பீட்டில் கரைவது தெரியும்.

விலை டிவிடெண்ட் அளவுக்குத் துல்லியமாக இறங்குகிறதா என்று ஆராய்ச்சியாளர்களும் பார்த்திருக்கிறார்கள். எல்டன், க்ரூபர் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள் நியூயார்க் பங்குச் சந்தையின் 1966-67 விலைகளை ஆராய்ந்து 1970-இல் எழுதினார்கள். டிவிடெண்ட் ஒரு டாலர் என்றால் விலை சராசரியாகச் சுமார் 78 சென்ட்தான் இறங்கியது. அப்படியென்றால் டாலருக்கு 22 சென்ட் இலவசமா என்று கேட்கத் தோன்றும். இல்லை என்பதே அவர்களின் பதில். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் டிவிடெண்டுக்கு வரி கூடுதல், மூலதன ஆதாயத்துக்கு வரி குறைவு. வரி போக ஒரு டாலர் டிவிடெண்ட் முதலீட்டாளருக்கு ஒரு டாலர் விலை உயர்வைவிடக் குறைந்த மதிப்புடையது, அந்த இடைவெளிதான் இறக்கத்தில் குறைந்திருக்கிறது என்றார்கள். பின்னால் வந்தவர்கள் வரி மட்டுமே காரணமல்ல என்று வாதாடினார்கள். டிவிடெண்டுக்கும் ஆதாயத்துக்கும் வரியே இல்லாத ஹாங்காங்கிலும் இறக்கம் டிவிடெண்டைவிடக் குறைவாக இருந்ததை 1998-இல் ஃபிராங்க், ஜகந்நாதன் இருவரும் காட்டினார்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையில் உள்ள வித்தியாசம், வாங்கிச் சேர்ப்பதில் உள்ள தொல்லை இவற்றைக் காரணமாகச் சொன்னார்கள். எந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டாலும், காகிதத்தில் தெரியும் அந்த இடைவெளியைச் சிறு முதலீட்டாளர் தரகும் வரியும் கட்டி வெளியே எடுத்துவிட முடியாது.

பெரிய கைகள் அதை எடுத்த காலம் ஒன்று இருந்தது. அவர்களுக்கு வழி திறந்துவிட்டது சந்தையல்ல, வரிச் சட்டம். நம் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில் இது துல்லியமான எண்களோடு பதிவாகியிருக்கிறது. 2000 மார்ச் 24 அன்று வால்ஃபோர்ட் என்ற தரகு நிறுவனம் சோழா ஃபிரீடம் இன்கம் ஃபண்ட் என்ற பரஸ்பர நிதியில் சுமார் 8 கோடி ரூபாய்க்கு யூனிட்டுகள் வாங்கியது. அன்று யூனிட்டின் மதிப்பு 17 ரூபாய் 23 காசு. டிவிடெண்ட் யூனிட்டுக்கு 4 ரூபாய். டிவிடெண்ட் போனதும் மதிப்பு 13 ரூபாய் 23 காசு ஆனது. பரஸ்பர நிதியில் யூனிட்டின் விலையை வாங்குபவரும் விற்பவரும் பேரம் பேசி முடிவு செய்வதில்லை, சொத்தைக் கூட்டிக் கழித்து நிர்ணயிக்கிறார்கள். அதனால்தான் காசு பிசகாமல் 4 ரூபாய் இறங்கியிருக்கிறது. மார்ச் 27-ஆம் தேதி யூனிட்டுகளை விற்றபோது வால்ஃபோர்ட்டுக்குக் கிடைத்தது சுமார் 5.9 கோடி. டிவிடெண்டாக வந்தது சுமார் 1.82 கோடி. அதோடு ஊக்கத்தொகை சுமார் 24 லட்சம்.

8 கோடி போட்டு, எல்லாவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ 8 கோடிதான் திரும்பி வந்திருக்கிறது. பிறகு எதற்காக மூன்று நாள் வேலை? அப்போது டிவிடெண்டுக்கு வாங்குபவர் கையில் வரி கிடையாது. ஆகவே 1.82 கோடி வரியில்லா வருமானம். யூனிட்டை விற்றதில் வந்த 2.09 கோடி நஷ்டமோ, தங்கள் மற்ற வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள வேண்டிய நஷ்டம் என்று காட்டினார்கள். ஒரே பணத்தை ஒரு பக்கம் வரியில்லாமல் வாங்கி, மறுபக்கம் நஷ்டமாக எழுதினால் மற்ற வருமானத்தின் மேலான வரி குறையும். லாபம் முழுவதும் வருமான வரித் துறையின் பையிலிருந்து வந்தது. துறை ஒப்புக்கொள்ளவில்லை. 2010-இல் உச்ச நீதிமன்றம், அந்த ஆண்டுச் சட்டப்படி நஷ்டத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்று வால்ஃபோர்ட்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்கு வெகுமுன்பே சட்டத்தில் ஓட்டையை அடைத்துவிட்டார்கள். பதிவு நாளுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் வாங்கி, பிந்தைய மூன்று மாதத்துக்குள் விற்றால், வரியில்லா டிவிடெண்ட் அளவுக்கான நஷ்டம் கணக்கில் சேராது என்று விதி வந்தது.

அதன்பின் 2020 ஏப்ரல் 1 முதல் நிலைமை தலைகீழாகிவிட்டது. அதுவரை நிறுவனமே டிவிடெண்டுக்குத் தனி வரி கட்டிவந்தது. அதை எடுத்துவிட்டு, பெறுபவரின் வருமானத்தோடு சேர்த்து அவரவர் வரிப் படிக்கு ஏற்ப வரி விதித்தார்கள். மஜெஸ்கோவின் 974 ரூபாய் வந்தது அந்த மாற்றத்துக்குப் பிறகு எட்டு மாதம் கழித்து. கொடுத்ததும் கிடைத்ததும் ஒன்று என்று மேலே போட்ட கணக்கை இப்போது வரியோடு போட்டுப் பார்க்கலாம்.

30 சதவீத வரிப் படியில் இருக்கும் ஒருவர் 22-ஆம் தேதி 100 பங்குகளை 98,500 ரூபாய்க்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். டிவிடெண்ட் 97,400. அதற்கு மேல்வரியோடு சேர்த்து 31.2 சதவீதம், ஏறத்தாழ 30,390 ரூபாய் வரி. மிஞ்சுவது 67,010. மறுநாள் 100 பங்கையும் 1,200 ரூபாய்க்கு விற்றுவிடுகிறார். மொத்தம் 68,210. போட்ட பணத்தில் முப்பதாயிரம் ரூபாய் காணோம். பங்கை விற்றதில் 97,300 ரூபாய் குறுகிய கால நஷ்டம் இருக்கிறதே, அதைக் கழிக்க முடியாதா? முடியும், ஆனால் மூலதன ஆதாயத்திலிருந்து மட்டும்தான். டிவிடெண்ட் வருமானத்திலிருந்து கழிக்க முடியாது. அவருக்கு வேறு பங்குகளில் அதே அளவு குறுகிய கால லாபம் இருந்தால் அப்போதைய 15 சதவீத வரியில் பதினைந்தாயிரம் ரூபாய் மிச்சப்படும். அப்படியும் பதினைந்தாயிரம் நஷ்டம். வேறு லாபமே இல்லையென்றால் அந்த நஷ்டத்தை எட்டு ஆண்டுகள் வரை சுமந்துபோய் எதிர்கால லாபத்தில் கழித்துக்கொள்ள வேண்டும், வருமானக் கணக்கை உரிய தேதிக்குள் தாக்கல் செய்திருந்தால்.

2000-இல் டிவிடெண்டுக்கு வரியில்லை, நஷ்டத்துக்குச் சலுகை இருந்தது. இப்போது டிவிடெண்டுக்கு முழு வரி, நஷ்டத்துக்குக் குறைந்த சலுகை. அன்று வால்ஃபோர்ட்டுக்குக் கிடைத்த லாபத்தின் இடத்தில் இன்று வாங்குபவருக்கு நஷ்டம் உட்கார்ந்திருக்கிறது.

மஜெஸ்கோ அபூர்வமான ஒன்று. சாதாரண டிவிடெண்டில் இது எவ்வளவு ஆகும்? 1,000 ரூபாய்ப் பங்குக்கு 40 ரூபாய் டிவிடெண்ட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 100 பங்கு, ஒரு லட்சம் ரூபாய் முதலீடு. எக்ஸ்-டேட் அன்று விலை 960, அதே விலைக்கு விற்றாயிற்று. டிவிடெண்ட் 4,000. வாங்கும்போதும் விற்கும்போதும் பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், வாங்கும்போது முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம், எல்லாம் சேர்ந்து 211 ரூபாய். தரகரும் டீமேட் நிறுவனமும் எடுப்பது தனி. 30 சதவீதப் படியில் இருப்பவருக்கு டிவிடெண்டின் மேல் 1,248 ரூபாய் வரி. 4,000 ரூபாய் நஷ்டத்தைக் கழிக்க வேறு குறுகிய கால லாபம் இருந்தால், இப்போதுள்ள 20 சதவீத வரியில், மேல்வரியோடு 832 ரூபாய் மிச்சம். எல்லாம் போக 627 ரூபாய் கைநஷ்டம். கழிக்க லாபம் இல்லையென்றால் 1,459. வருமான வரியே கட்டத் தேவையில்லாத ஒருவருக்கும் 211 ரூபாய் போனது போனதுதான். இவர்களில் யாருக்கும் கூட்டல் குறி வருவதில்லை.

இதில் டி.டி.எஸ் என்ற பிடித்தம் வேறு குழப்புகிறது. ஒரே நிறுவனத்திலிருந்து ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் டிவிடெண்ட் வந்தால் நிறுவனமே 10 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பும். 2025 மார்ச் வரை இந்த எல்லை 5,000 ரூபாயாக இருந்தது. பிடித்தம் இல்லாமல் வந்தால் வரியே இல்லை என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். பிடித்தம் முன்பணம் மட்டுமே. எல்லைக்குள் வந்த டிவிடெண்டையும் வருமானக் கணக்கில் காட்டியாக வேண்டும். நிறுவனங்கள் கொடுத்த விவரம் வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் நம் பெயருக்கு எதிரே ஏற்கெனவே இருக்கும்.

டிவிடெண்ட் அறிவிப்பு வந்ததும் விலை ஏறுகிறதே, அது லாபமில்லையா என்றும் கேட்பார்கள். ஏறுவது உண்டு. எதிர்பார்த்ததைவிடப் பெரிய டிவிடெண்டை ஒரு நிறுவனம் அறிவித்தால், கையில் பணம் இருக்கிறது, நிர்வாகத்துக்கு நம்பிக்கை இருக்கிறது என்று சந்தை படித்துக்கொள்ளும். அந்த ஏற்றம் செய்தி வெளியான சில நிமிடங்களில் முடிந்துபோகும். அது அறிவிப்புக்கு முன்பே பங்கை வைத்திருந்தவருக்குச் சேர்ந்த பலன். அறிவிப்புக்கும் எக்ஸ்-டேட்டுக்கும் இடையில் வாங்குபவர் அந்தச் செய்தியையும் சேர்த்து விலை கொடுத்துத்தான் வாங்குகிறார். அடுத்த வாரம் டிவிடெண்ட் வரப்போகிறது, இப்போதே வாங்குங்கள் என்று கைபேசிக்கு வரும் பரிந்துரைகள் இந்த இரண்டையும் ஒன்றாக்கித்தான் ஆசை காட்டுகின்றன.

எக்ஸ்-டேட்டால் உண்மையிலேயே அடிபடுபவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள். விலை இவ்வளவுக்குக் கீழே போனால் தானாக விற்றுவிடு என்று ஸ்டாப்-லாஸ் போட்டு வைத்திருப்பவர்கள். 40 ரூபாய் டிவிடெண்ட் கழன்று 1,000 ரூபாய்ப் பங்கு 960-க்கு வரும்போது, 970-இல் காத்திருந்த ஆணை வேலை செய்துவிடும். நிறுவனத்துக்கு ஒரு கெடுதலும் நேரவில்லை, பங்கு மட்டும் போய்விட்டது. சாதாரண டிவிடெண்டுக்கு அந்த வரம்பு தானாகக் குறைந்துகொள்ளும் என்று நம்பி இருக்கக்கூடாது, வைத்திருக்கும் பங்குகளின் எக்ஸ்-டேட்டுக்கு முந்தைய நாள் நாமே மாற்றிப் போட வேண்டும். விலை வரைபடம் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. சில தளங்கள் பழைய விலைகளிலிருந்து டிவிடெண்டைக் கழித்துக் காட்டும், சில காட்டாது. காட்டாத வரைபடத்தில் எக்ஸ்-டேட் இறக்கம் ஆதரவு விலை உடைந்ததைப் போலத் தெரியும்.

நீண்ட நாள் வைத்துக்கொள்வதற்காக ஒரு பங்கை வாங்கத் தீர்மானித்தவருக்கு இந்தத் தேதியால் ஒரு சிறு உபயோகம் உண்டு. வரிப் படி உயரமாக இருந்தால், எக்ஸ்-டேட் வரை பொறுத்து வாங்குவது கணக்குப்படி மேல். டிவிடெண்டுக்கான பணத்தை விலையாகக் கொடுத்து, அதைத் திரும்ப வாங்கி, திரும்ப வாங்கியதற்கு வரி கட்டும் சுற்று அவருக்கு மிச்சம். ஆனால் அந்த ஓரிரு நாளில் பங்கு வேறு காரணத்தால் ஏறிவிட்டால் மிச்சப்பட்டது அதில் போய்விடும், ஆகவே நாட்கள் குறைவாக இருந்தால் மட்டுமே இது பொருந்தும்.

விற்பவர் பக்கம் கணக்கு இன்னும் தெளிவாக இருக்கிறது. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கை லாபத்தில் விற்க முடிவெடுத்தவர், எக்ஸ்-டேட்டுக்கு முந்தைய நாள் 1,000 ரூபாய்க்கு விற்றால், விலைக்குள் இருக்கும் அந்த 40 ரூபாய் நீண்ட கால ஆதாயமாக வரும். அதற்கு வரி 12.5 சதவீதம், மேல்வரியோடு 5 ரூபாய் 20 காசு. ஆண்டின் மொத்த நீண்ட கால ஆதாயம் 1.25 லட்சத்துக்குள் இருந்தால் அதுவும் இல்லை. மறுநாள் வரை காத்திருந்து டிவிடெண்டை வாங்கிக்கொண்டு 960-க்கு விற்றால், அதே 40 ரூபாய்க்கு 30 சதவீதப் படியில் 12 ரூபாய் 48 காசு. நூறு பங்குக்கு 728 ரூபாய் வித்தியாசம். டிவிடெண்டை வாங்கிவிட்டு விற்கலாம் என்று ஒரு நாள் காத்திருப்பவர்களில் பலர் இந்த 728 ரூபாயைத்தான் கட்டுகிறார்கள். வரி கட்டாதவருக்கு இரண்டும் ஒன்றுதான். வரிப் படி 12.5 சதவீதத்துக்குக் கீழே இருந்து, நீண்ட கால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம் கட்டுபவராக இருந்தால் மட்டும் காத்திருப்பது லாபம்.